கால் பாவாத சரிவுகள்

1985-ல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் பல கட்டங்களின் முடிவில், கொடிக்கம்பத்துக்குச் சற்று முன்னால், கற்களை அடுக்கிய ஒரு படிக்கட்டு வரும். பார்க்கப் படிக்கட்டு, ஆனால் மாரியோவால் அதில் ஒரு படிகூட நடந்து ஏற முடியாது. ஒவ்வொரு கல்லும் அவனுக்குச் சுவர். குதித்துக் குதித்துத்தான் மேலே போக வேண்டும். அந்த ஆட்டம் முழுக்கத் தேடினாலும் சாய்ந்த தரை ஒன்றுகூடக் கிடைக்காது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1988-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’-ல்தான் மாரியோ மேட்டில் நடந்து ஏறினான். கீழ்நோக்கிய பொத்தானை அழுத்தினால் சரிவில் உட்கார்ந்து சறுக்கி, எதிரில் வரும் எதிரிகளையும் சாய்த்தான்.

சாய்ந்த தரை என்பது அப்படி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பொழுதுபோக்காகச் சொந்தமாக ஆட்டம் எழுதிப் பார்ப்பவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். சமதரையில் அழகாக ஓடும் கதாபாத்திரம் மேட்டில் ஏறும்போது திக்கித் திக்கி நடக்கும். இறங்கும்போது தவளைபோலத் தத்தும். சும்மா நின்றாலோ, யாரும் தொடாமலே மெல்லக் கீழே வழுக்கிப் போகும். மூன்றும் மூன்று நோய்கள்போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: நடக்கும் தரையை நிரல் ஒரு தடுப்பாகப் பார்க்கிறது, உயரமாகப் பார்ப்பதில்லை.

இந்த வகை ஆட்டங்களின் உலகம் டைல்களால் ஆனது. 16 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம் கொண்ட சதுரங்களை வரிசையாகப் பதித்தால் தரை, சுவர், கூரை எல்லாம் தயார். ஒவ்வொரு சதுரமும் ஒன்று காலி, அல்லது திடம். கதாபாத்திரத்தையும் ஒரு செவ்வகமாக எடுத்துக்கொண்டால், அது எந்தச் சதுரங்களின்மேல் படுகிறது என்பதைச் சாதாரண வகுத்தல் கணக்கில் சொல்லிவிடலாம். முதலில் பக்கவாட்டில் நகர்த்து, திடமான டைல் குறுக்கிட்டால் நிறுத்து. பிறகு மேலும் கீழும் நகர்த்து, தரை தட்டினால் நிறுத்து. இந்த ஏற்பாடு தொல்லையே தராது. 2018-ல் வந்த ‘செலஸ்ட்’ போன்ற பெயர்பெற்ற ஆட்டமே எல்லா மோதலையும் நேர்ச் செவ்வகங்களாலும் முழு எண் பிக்சல்களாலும் கணக்கிட்டு, நடந்து ஏறும் சரிவுகளே இல்லாமல் முடித்துக்கொண்டது. அது சோம்பல் அல்ல, தெளிவான தேர்வு. ஆனால் மேடும் பள்ளமுமான நிலம் வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டால் மேற்படி சுகமான கணக்கு உடைகிறது.

உடைவதை நெருங்கிப் பார்க்க ஒரு சிறிய ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். நாயகி ஒரு சிறுமி. அவளைச் சுற்றிய மோதல் பெட்டி 12 பிக்சல் அகலம். வினாடிக்கு 60 ஃபிரேம்கள். ஒரு ஃபிரேமுக்கு 2 பிக்சல் வேகத்தில் நடக்கிறாள். ஈர்ப்பு, அவளுடைய விழும் வேகத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் கால் பிக்சல் கூட்டுகிறது. எதிரே 45 பாகைச் சரிவு, பத்து டைல் நீளம்.

முதலில் இறக்கம். அவள் மேட்டின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி நடக்கத் தொடங்குகிறாள். முதல் ஃபிரேமில் 2 பிக்சல் முன்னே போகிறாள். 45 பாகை என்பதால் தரையும் 2 பிக்சல் இறங்கிவிடுகிறது. ஆனால் அந்த ஃபிரேமில் ஈர்ப்பு அவளை இறக்கியது கால் பிக்சல் மட்டுமே. கால் அந்தரத்தில். அடுத்த ஃபிரேமில் தரை மொத்தம் 4 பிக்சல் இறங்கியிருக்கிறது, அவள் இறங்கியது முக்கால். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 15-வது ஃபிரேமில்தான் இரண்டும் சமமாகின்றன: அப்போது தரையும் 30 பிக்சல், அவளும் 30 பிக்சல். கால் வினாடி நேரம் அவள் காற்றில் இருந்திருக்கிறாள். தரை தட்டியதும் விழும் வேகம் பூஜ்யமாகிறது. மறுபடி அதே கதை. பத்து டைல் சரிவை இறங்கி முடிப்பதற்குள் ஐந்து தத்தல். சரிவு பாதி சாய்வாக, அதாவது 2 பிக்சலுக்கு 1 பிக்சல் இறங்குவதாக இருந்தால் ஒவ்வொரு தத்தலும் 7 ஃபிரேம்தான். சிறியதாக, ஆனால் அடிக்கடி வருவதால் கண்ணுக்கு அது நடுக்கமாகவே படும்.

தத்தல் அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. காற்றில் இருக்கும்போது ‘விழும்’ படம், தரையில் இருக்கும்போது ‘நடக்கும்’ படம் என்று அசைவுப்படம் மாறி மாறித் துடிக்கும். அதைவிட மோசம், தரையில் இருந்தால்தான் குதிக்கலாம் என்பது விதி. இறக்கத்தில் பெரும்பாலான ஃபிரேம்களில் அவள் தரையில் இல்லை. ஆடுபவர் பொத்தானை அழுத்துகிறார், ஒன்றும் நடப்பதில்லை. ‘கண்ட்ரோல் சரியில்லை’ என்று ஆட்டத்தை மூடிவிட்டுப் போகிறவருக்கு, கோளாறு பொத்தானில் இல்லை, சரிவில் இருக்கிறது என்று தெரியப்போவதில்லை.

அடுத்தது வழுக்கல். சரிவில் சிறுமி அசையாமல் நிற்கிறாள். ஈர்ப்பு அவளைக் கால் பிக்சல் கீழே இழுத்துச் சரிவுக்குள் அமிழ்த்துகிறது. அமிழ்ந்த பெட்டியை வெளியே தள்ள வேண்டும். எந்தத் திசையில்? பொதுவான இயற்பியல் எஞ்சின்கள் சொல்லும் பதில்: பரப்புக்குச் செங்குத்தாக. 45 பாகைப் பரப்புக்குச் செங்குத்து என்றால் மேலும் பக்கமும் சேர்ந்த கோணல் திசை. நேர்க்கீழே இறங்கியவளைக் கோணலாக மேலே தள்ளினால், அவள் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. பக்கவாட்டில் எட்டில் ஒரு பிக்சல் தள்ளிப் போயிருப்பாள். ஒரு ஃபிரேமில் இது ஒன்றுமில்லை. 60 ஃபிரேமில் ஏழரைப் பிக்சல். இரண்டு வினாடி நின்றால் ஏறக்குறைய ஒரு டைல் தூரம். இதுவும் ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் வேகத்தைத் துடைத்துவிட்டால்தான். துடைக்காமல், பரப்போடு ஒட்டிய பகுதி வேகத்தை மட்டும் அடுத்த ஃபிரேமுக்கு எடுத்துப் போனால் அது சேர்ந்துகொண்டே போகும்: ஒரு வினாடியில் ஏறக்குறைய 229 பிக்சல், அதாவது பதினான்கு டைலுக்கு மேல். சரிவு பனிக்கட்டியாகிவிட்டது. கணினி இங்கே தவறே செய்யவில்லை. உராய்வு இல்லாத பெட்டி சரிவில் என்ன செய்யுமோ அதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் இருப்பது பெட்டியல்ல, கால் ஊன்றி நிற்கும் ஒரு பெண். இரண்டும் ஒரே கணக்கில் அடங்காது.

இனி ஏற்றம். இங்கேதான் டைல் என்ற ஏற்பாடே பகையாகிறது. வலப்பக்கம் ஏறும் சரிவு டைலில் முதல் பிக்சல் பத்தியில் தரையின் உயரம் 1, கடைசிப் பத்தியில் 16. அதற்கு வலப்பக்கத்து டைல், அடுத்த சரிவைத் தாங்கி நிற்கும் முழுத் திட டைல். சிறுமியின் நடுக்கால் பதினொன்றாம் பத்தியில் இருக்கும்போது அவள் நிற்கும் உயரம் 11. பெட்டியின் வலது விளிம்பு அங்கிருந்து 6 பிக்சல் தள்ளி, சரியாக அந்தத் திட டைலின் முதல் பத்தியில் நுழைகிறது. அதன் உயரம் 16. பக்கவாட்டு மோதலைச் சோதிக்கும் நிரலுக்கு இது 5 பிக்சல் உயரச் சுவர். சுவர் என்றால் நிறுத்து! சிறுமி நின்றுவிடுகிறாள். சில நிரல்களில் நிற்கமாட்டாள், பதிலாக 5 பிக்சல் வெடுக்கென்று மேலே தூக்கப்படுவாள். டைலுக்கு டைல் இதே நடக்கும். 2 பிக்சல் வேகத்தில் எட்டு ஃபிரேமுக்கு ஒரு உதறல்.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் செய்வது மோதல் கணக்கை இன்னும் நுட்பமாக்குவது. பெட்டியின் மூலைகளை வளைப்பார்கள், உராய்வைக் கூட்டுவார்கள், ஈர்ப்பைச் சரிவில் குறைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு இடத்தில் சரிசெய்து இன்னொரு இடத்தில் கெடுக்கும். ஈர்ப்பைத் தாறுமாறாகக் கூட்டித் தத்தலை அமுக்குவது இவற்றில் மிகப் பரவலானது. மேட்டின் விளிம்பிலிருந்து காலை எடுத்ததும் சிறுமி கல்லாய் விழுவாள் என்பதுதான் அதன் விலை.

பழைய ஆட்டங்கள் வேறு வழியில் போயின. 1991-ல் செகா வெளியிட்ட ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ அதற்கு நல்ல சான்று. அதன் நிரலாளர் யூஜி நாகா, வளைந்த பரப்பில் ஒரு உருவத்தை வழுக்காமல், துள்ளாமல் ஓடவிடும் கணக்கை முதலில் உருவாக்கினார். நீலநிற முள்ளெலியின் ஆட்டம் அதன்மேல் வளர்ந்தது. சோனிக்கின் நிலம் வளைவுச் சூத்திரங்களால் ஆனதல்ல. ஒவ்வொரு 16 பிக்சல் மோதல் டைலுக்கும் பதினாறு எண்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. இந்தப் பத்தியில் தரை எவ்வளவு உயரம் என்று பத்தி பத்தியாக. கூடவே டைலின் சாய்வைச் சொல்லும் ஒரு கோண எண். முழு வட்டம் 256 என்ற அளவில் 45 பாகை 32 ஆகும். அவ்வளவுதான். 45 பாகைச் சரிவு என்றால் பட்டியல் 1, 2, 3 என்று 16 வரை. பாதிச் சாய்வு என்றால் இரண்டு டைல்கள். ஒன்றில் எண்கள் 1-லிருந்து 8 வரை இரண்டிரண்டாக, அடுத்ததில் 9-லிருந்து 16 வரை. வளைவா? எண்களை வளைவாக எழுதிவிட்டால் போதும்.

உயரப் பட்டியல் வந்ததும் கேள்வியே மாறுகிறது. ‘இந்தப் பெட்டி எதன்மேல் மோதுகிறது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும்?’ என்பது போய், ‘இந்த இடத்தில் தரை எந்த உயரத்தில் இருக்கிறது?’ என்பது வருகிறது. சுவர் எழுப்பும் மேஸ்திரி தூக்குக்குண்டை இறக்கிப் பார்ப்பதுபோல, காலுக்கு நேரே ஒரு கோட்டை இறக்கிப் பார்ப்பதுதான் வேலை. கணக்கு இரண்டே வரி:

```
col     = floor(x) - tile_left
floor_y = tile_bottom - height[col]
```

திரையில் கீழே போகப்போக எண் கூடும் என்பதால் அடிப்பகுதியிலிருந்து உயரத்தைக் கழிக்கிறது. கிடைத்த உயரத்தில் காலை நேராக வைக்கிறது. நேராக என்ற சொல்தான் இங்கே மருந்து. தள்ளுவது மேல்நோக்கி மட்டும், பக்கவாட்டில் துளிகூட இல்லை. அதனால் நிற்கும் சிறுமியின் x நிலை மாற வழியே இல்லை; வழுக்கல் அந்த இடத்திலேயே ஒழிகிறது. உராய்வு என்ற எண்ணே தேவைப்படவில்லை.

பட்டியலுக்கு ஒரு துணை விதி வேண்டும். சிறுமி ஒரு டைலிலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது, கால் இருக்கும் டைலை மட்டும் பார்த்தால் அது முழுத் திடம். உயரம் 16 என்று சொல்லும். உண்மைத் தரையோ அதற்கு மேலுள்ள டைலில், உயரம் 1-ல் தொடங்குகிறது. எனவே பத்தி முழுதும் நிரம்பியிருந்தால் ஒரு டைல் மேலே பார்க்க வேண்டும். காலியாக இருந்தால் ஒரு டைல் கீழே பார்க்க வேண்டும். சோனிக் இதைத்தான் செய்கிறது. இந்த இரண்டு பார்வைகளை விட்டுவிட்டால் டைல்களின் இணைப்பில் ஒரே ஒரு ஃபிரேம் கால் இடறும். நடுக்கம் சரியாக 16 பிக்சலுக்கு ஒருமுறை வருகிறதென்றால் சந்தேகமே வேண்டாம், விட்டுப்போனது இதுதான், அல்லது அடுத்து வரும் மூலைச் சிக்கல்.

மூலைச் சிக்கல் எது என்றால், கோட்டை எங்கிருந்து இறக்குவது என்பது. பெட்டியின் இரண்டு கீழ்மூலைகளிலிருந்தும் இறக்கி, உயரமானதை எடுத்துக்கொண்டால் சமதரைக்கு அது சரி. பலகையின் ஓரத்தில் பாதிக்கால் வெளியே இருந்தாலும் சிறுமி விழமாட்டாள். ஆடுபவர்களுக்கு அந்தத் தாராளம் பிடிக்கும். ஆனால் 45 பாகைச் சரிவில் முன்மூலை மட்டுமே தரையைத் தொடும், நடுப்பகுதி 6 பிக்சல் அந்தரத்தில் மிதக்கும். நடுப்புள்ளியிலிருந்து மட்டும் இறக்கினால் சரிவில் கால் பாவும், பெட்டியின் ஒரு மூலை மண்ணுக்குள் அமிழும். பெட்டி கண்ணுக்குத் தெரியாதது என்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் பலகை ஓரத்தில் நடுப்புள்ளி தாண்டியதும் அவள் விழுந்துவிடுவாள்.

நடைமுறையில் நன்றாக உழைக்கும் வழி, இரண்டையும் வைத்துக்கொண்டு முன்னுரிமையை எழுதிவைப்பது. நடுப்புள்ளிக்குக் கீழே சரிவு டைல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அதன் உயரமே இறுதி. மூலைகள் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. இல்லையென்றால் மட்டும் மூலைகளைக் கேட்கலாம், அப்போதும் சமதரை டைல்களின் பதிலை மட்டும். நடுப்புள்ளி சரிவில் இருக்கும் வரை, காலுக்குப் பக்கத்து வரிசையிலுள்ள திட டைலைச் சுவராகக் கருதவும் கூடாது. மேலே சொன்ன 5 பிக்சல் சுவர் இப்படித்தான் மறைகிறது. வேறொரு வழியும் உண்டு: பக்கவாட்டுச் சோதனையைப் பாதத்தில் செய்யாமல் முழங்கால் உயரத்துக்கு மேலே செய்வது. எது வசதியோ அதைக் கொள்ளலாம்; ஆனால் முழங்கால் வழியில், அதைவிடத் தாழ்வான உண்மையான தடுப்புகளையும் சிறுமி ஊடுருவிப் போய்விடாமல் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இறக்கத்துத் தத்தல் மட்டும் இன்னும் பாக்கி. தரையின் உயரம் தெரிந்தாலும், கால் அதைவிட மேலே இருந்தால் ‘காற்றில் இருக்கிறாள்’ என்றுதான் நிரல் முடிவுகட்டும். அவள் போன ஃபிரேமில் தரையில் நின்றவள் என்ற நினைவு அதற்கு இல்லை. அந்த நினைவைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது: போன ஃபிரேமில் தரையில் இருந்து, இப்போது குதிக்கவும் இல்லையென்றால், சற்றுக் கீழே வரை தேடி, தரை கிடைத்தால் காலை அங்கே இறக்கி ஒட்டவைத்துவிடலாம்.

```
if was_on_floor and vy >= 0:
    gap = floor_y - foot_y
    if abs(gap) <= abs(vx) + 1:
        foot_y = floor_y
        vy = 0
        on_floor = true
```

எவ்வளவு கீழே வரை தேடலாம் என்பதில்தான் பக்குவம். 45 பாகைக்கு மேல் சரிவே இல்லாத உலகில், ஒரு ஃபிரேமில் தரை இறங்கக்கூடிய தூரம் பக்கவாட்டு வேகத்தைத் தாண்டாது. சிறுமியின் வேகம் 2 என்றால் 2 பிக்சல் போதும். பின்னக் கணக்கின் சறுக்கலுக்காக ஒன்று கூட்டி 3. இதைத் தாராளமாக 14 என்று வைத்தால் 8 பிக்சல் உயர மேடையின் ஓரத்தைத் தாண்டும்போது அவள் விழமாட்டாள். ஒரே ஃபிரேமில் கீழே தோன்றுவாள். சோனிக்கின் முதல் ஆட்டத்தில் இந்த எல்லை 14 பிக்சலாகவே இருந்தது; முள்ளெலியின் வேகத்துக்கு அது தேவைப்பட்டது. இரண்டாம் ஆட்டத்திலிருந்து வேகத்தோடு 4 கூட்டி, அதிகபட்சம் 14 என்று மாற்றினார்கள். வேகத்துக்கு ஏற்பத் தேடு என்ற பாடம் அதில் இருக்கிறது.

குதிக்கும் ஃபிரேமில் இந்த ஒட்டுதல் நடக்கவே கூடாது. மேல்நோக்கிய வேகத்தோடு 4 பிக்சல் எழும்பியவளைத் தேடல் பிடித்துத் தரையில் மறுபடி ஒட்டிவிட்டால், குதிக்கும் ஒலி மட்டும் கேட்கும், ஆள் எழும்பமாட்டாள். ‘மேட்டில் ஏறும்போது மட்டும் சிலசமயம் குதிக்க மறுக்கிறது’ என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. மேலே உள்ள `vy >= 0` அதற்கான காவல்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2 பிக்சல் பக்கவாட்டில் போகும்போது 45 பாகையில் 2 பிக்சல் உயர்வும் சேர்ந்தால், பரப்பின் வழியே அவள் கடப்பது 2.83 பிக்சல். சமதரையைவிட 41 விழுக்காடு அதிகம். மேட்டில் ஏறும்போது ஒருவர் வேகமாவது வினோதம்தான். சோனிக் இதைத் தீர்த்த விதம், தரையின் வழியே ஒரே ஒரு வேகத்தை வைத்துக்கொண்டு, கோண எண்ணைக் கொண்டு அதைப் பக்கவாட்டு, மேல்கீழ் என்று பிரித்தது. ஏற்றத்தில் அந்த வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, இறக்கத்தில் கூட்டவும் செய்தது. வளையங்களில் தலைகீழாக ஓடும் ஆட்டத்துக்கு இது உயிர். சாதாரண மேடுபள்ளங்கள் மட்டும் உள்ள ஆட்டத்துக்குப் பக்கவாட்டு வேகத்தை அப்படியே விட்டுவிடுவது குற்றமல்ல. எங்கிருந்து குதித்தாலும் தாண்டும் தூரம் மாறாது என்பது ஆடுபவருக்கு வசதி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டும், அவ்வளவே.

படிக்கட்டுக்கு வருவோம். சரிவை நன்றாகச் செய்தவருக்குப் படிக்கட்டு பெரும்பாலும் இலவசம், ஏனென்றால் பல ஆட்டங்களில் படிக்கட்டு என்பதே படம் மட்டும்தான். ஓவியர் படிகளை வரைகிறார். அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வழவழப்பான சரிவு. நாலு பிக்சல் உயரப் படிகள் என்றால் கால் படத்தைவிட அதிகபட்சம் நாலு பிக்சல் மாறித் தெரியும். நடக்கும் வேகத்தில் அது யார் கண்ணிலும் படாது. எட்டுப் பிக்சல் படி என்றால் நின்று பார்ப்பவர்களுக்கு, கால் கல்லுக்குள் புதைந்திருப்பது தெரியத்தான் செய்யும்.

கொனாமி 1986-ல் வெளியிட்ட ‘காசில்வேனியா’ வேறு கோடியில் நிற்கிறது. அங்கே சைமன் பெல்மாண்ட் மேல்பொத்தானை அழுத்திப் படிக்கட்டில் ‘ஏறிக்கொள்ள’ வேண்டும். ஏறியதும் அவன் தனியொரு நிலைக்குப் போய்விடுகிறான். மேலே அல்லது கீழே, படிப்படியாக, வேறெங்கும் இல்லை. குதிக்கவும் முடியாது. ஈர்ப்பு, மோதல், ஒட்டுதல் எதற்கும் அங்கே வேலையில்லை என்பதால் நடுக்கத்துக்கும் இடமில்லை. பறந்துவரும் எதிரிகளிடம் படிக்கட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அந்த ஏற்பாட்டை மறக்கமாட்டார்கள். அந்த ஆட்டத்தின் பயமே பாதி அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, உண்மையான படிகளை வைத்துக்கொண்டு ஏறுவது. பக்கவாட்டில் தடுப்பு வந்ததும், அதன் உயரம் 8 பிக்சலுக்குள் இருந்து, ஏறிய பின் தலை கூரையில் இடிக்காது என்றால், பெட்டியை அத்தனை பிக்சல் தூக்கி மேலே வைப்பது. மோதலுக்கு இது சரி. கண்ணுக்குத்தான் பிரச்சினை: 16 பிக்சல் அகலப் படிகளில் எட்டு ஃபிரேமுக்கு ஒருமுறை சிறுமி வெடுக் வெடுக்கென்று உயர்வாள். இதற்குப் பெட்டியையும் படத்தையும் பிரித்துவிடுகிறார்கள். பெட்டி உடனே 8 பிக்சல் ஏறிவிடும். வரையப்படும் உருவம் மட்டும் 8 பிக்சல் கீழேயே தொடங்கி, ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த இடைவெளியில் கால்பங்கைக் குறைத்துக்கொண்டு வரும். 8, 6, 4.5 என்று குறைந்து, அடுத்த படி வருவதற்குள் ஒரு பிக்சலுக்கும் கீழே போய்விடும். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்யலாம். ஆனால் அதற்கு ஒட்டுதலின் எல்லையைப் படிக்கட்டு டைல்களில் மட்டும் 8-க்கு உயர்த்தியாக வேண்டும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் சரிவில் ஒரு பிக்சல் நடுக்கம் மிச்சமிருந்தால், சிறுமியை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும். பின்தொடரும் கேமரா பின்ன எண்ணில் மெல்ல நகர்கிறது. உருவமும் கேமராவும் வரையும்போது தனித்தனியாக முழு எண்ணாக்கப்படுகின்றன. சிறுமி 100.4, கேமரா 50.6 என்றால் முழு எண்ணில் 100-ம் 51-ம், இடைவெளி 49. அடுத்த ஃபிரேமில் 100.6, 50.7 என்றால் 101-ம் 51-ம், இடைவெளி 50. உண்மையில் மாறியது பத்தில் ஒரு பங்கு, திரையில் குலுங்கியது முழுப் பிக்சல். சிறுமியின் நிலையை முதலில் முழு எண்ணாக்கி, அதிலிருந்து ஒரு முழு எண் இடைவெளியைக் கழித்துக் கேமராவை வைத்தால் இது போய்விடும். மெல்ல நகர்த்த வேண்டியது அந்த இடைவெளியை மட்டும்.

‘கோடோ’ போன்ற இலவச எஞ்சினில் வேலை செய்பவர்கள் இத்தனையையும் கையால் எழுத வேண்டியதில்லை. அதன் `CharacterBody2D`-யில் இவை அமைப்புகளாகவே இருக்கின்றன. `floor_stop_on_slope` நிற்கும்போது வழுக்குவதைத் தடுக்கிறது; இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். `floor_max_angle` எந்தச் சாய்வு வரை தரை, எதற்கு மேல் சுவர் என்று பிரிக்கிறது. இயல்பு 45 பாகை. வேகத்தைச் சீராக்கும் `floor_constant_speed` இயல்பில் அணைந்திருக்கும். தேடும் தூரமான `floor_snap_length` இயல்பில் 1 பிக்சல்தான். மேலே போட்ட கணக்கின்படி வேகமான ஆளுக்கும் செங்குத்தான சரிவுக்கும் அது போதாமல் போகலாம். இறக்கத்தில் தத்துகிறது என்றால் முதலில் கூட்டிப் பார்க்க வேண்டியது இந்த எண்ணை.

எது செய்திருந்தாலும் கண்ணை மட்டும் நம்பிச் சோதிப்பது வீண். கண் ஒரு ஃபிரேமைத் தவறவிடும். ஒவ்வொரு ஃபிரேமிலும் x, y, `on_floor` மூன்றையும் எழுதவைத்து, ஒரு மேடு, ஒரு பள்ளம், சரிவும் சமதரையும் சேரும் இரண்டு இணைப்புகள் கொண்ட சிறு பாதையில், வலதுபொத்தானை விடாமல் அழுத்திச் சிறுமியை ஓடவிட வேண்டும், பிறகு இடதுபக்கமாக. பட்டியலில் `on_floor` ஒரு வரியில்கூட `false` ஆகக் கூடாது. 45 பாகை இருக்கும் இடத்தில் y-யின் மாற்றம் ஃபிரேமுக்கு 2-ஐத் தாண்டக் கூடாது. தாண்டிய வரியின் x-ஐ 16-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் இணைப்பா, மூலையா என்று தெரிந்துவிடும். கடைசியாக அவளைச் சரிவின் நடுவில் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கழித்து x-ஐப் பார்க்க வேண்டும். 3,600 ஃபிரேமுக்குப் பிறகும் அது பின்னத்தின் கடைசி இலக்கம்வரை அப்படியே இருக்க வேண்டும்.